எட்டுக்கு ஐந்து

கணக்கில் எனக்குத் தப்பு வராது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கும் உண்டு. நைனார்பாளையம் பக்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் விரல் விட்டுக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே விடையைச் சொல்லிவிட்டு, அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறேன். பி.காம். முடித்துக் கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தத் திமிரும் கூடவே பஸ் ஏறி வந்தது.

இங்கே நான் சொல்லப்போகும் விஷயத்தில் நான் போட்ட பெருக்கல் ஒன்றுகூடத் தப்பில்லை. கூட்டலும் தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வருஷம் இதைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊருக்குச் சுகாதாரப் பணிப்பெண் ஒருத்தியை நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஊரிலேயே இருந்து மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைத்தாய்ச்சிகளை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மாதச் சம்பளம் உண்டு. மூன்று பெண்கள் விண்ணப்பித்திருந்தார்கள். யாரை எடுப்பது என்பதற்குப் பணம் கொடுக்கும் இடத்திலிருந்து ஒரு அட்டவணை வந்திருந்தது. அதை நிரப்புகிற பொறுப்பு என்னுடையது.

அட்டவணை சுலபம். நான்கு தகுதிகள். ஊரில் எப்போதும் இருப்பவளா என்பதற்கு நாற்பது, எழுதப் படிக்கத் தெரிவதற்கு முப்பது, பிரசவம் பார்த்த பழக்கத்துக்கு இருபது, ஆஸ்பத்திரியில் போய் நின்று பேசும் துணிச்சலுக்குப் பத்து. ஆக மொத்தம் நூறு. இதை ஆபீசில் வெயிட்டேஜ் என்போம். ஒவ்வொரு தகுதியிலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அதை வெயிட்டேஜால் பெருக்கி, நான்கையும் கூட்டி, நூறால் வகுத்தால் பத்துக்கு ஒரு விடை வரும். யாருக்கு அதிகமோ அவளுக்கு வேலை. ஐந்துக்குக் கீழே போனால் யாராக இருந்தாலும் கிடையாது.

மதிப்பெண் போடுவது நாங்கள் இல்லை, அந்த ஊர்ப் பெண்கள் குழு. அது நல்ல யோசனைதான். மூன்று பேரையும் வருஷக்கணக்காகத் தெரிந்தவர்களுக்குத் தெரியாதது எங்கள் நேர்முகத்தில் என்ன தெரிந்துவிடப் போகிறது?

ஒரு சனிக்கிழமை நானும் எங்கள் மேற்பார்வையாளரும் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர், ஆனால் விதி என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் அதை மீறவும் தெரியாது. வளைவுகளில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சாம்பலால் தரையில் கட்டம் போட்டேன். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் பெயருக்குப் பதில் அடையாளம் வைப்பது எங்கள் வழக்கம். விண்ணப்பித்த மூன்று பெண்களும் தங்கள் அடையாளத்தைத் தாங்களே எடுத்துக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஒருத்தி கடுக்காய் கொடுத்தாள். இன்னொருத்தி கல். மூன்றாமவள் துடைப்பப் புல். இன்றைக்கும் எனக்கு அவர்கள் அந்தப் பெயரில்தான் நினைவிருக்கிறார்கள்.

கல், பன்னிரண்டாவது முடித்த சின்னப் பெண், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புல், ஊரில் இருந்த ஒரே மளிகைக் கடைக்காரரின் மருமகள். கடுக்காய்க்கு முப்பது வயது இருக்கலாம், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். எட்டாவது வரை படித்தவள், நாலைந்து பிரசவம் பார்த்தவள்.

கட்டத்தின் இடதுபக்கம் நான்கு தகுதிகளையும் வரிசையாகச் சொல்லி, "இதுக்கு நாப்பது, இதுக்கு முப்பது, இதுக்கு இருபது, இதுக்குப் பத்து" என்று ஒவ்வொன்றின் வெயிட்டேஜையும் சொன்னேன். பிறகு ஒரு படி புளியங்கொட்டையைக் கொட்டி, "ஒவ்வொரு கட்டத்துலயும் அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ தகும்னு பாத்துக் கொட்டை வெய்ங்க. பத்து வரைக்கும் வெக்கலாம்" என்றேன்.

குழுத் தலைவி கையில் நாலு கொட்டையை உருட்டிக்கொண்டே கேட்டார். "எல்லாத்துக்கும் பத்துதானா பாப்பா? ஊர்ல இருக்கறதுக்கும் பத்து, வாய் பேசறதுக்கும் பத்தா?"

"ஆமாங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அவர் மற்ற பெண்களைப் பார்த்தார். யாரோ ஏதோ சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பெருக்கல் வகுத்தல் எல்லாம் இவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தால் கடைசி பஸ் போய்விடும் என்று நினைத்தேன். பெருக்கலை நான் சொல்லவே இல்லை.

"நம்ம நின்னுகினு இருந்தா கூச்சப்படுவாங்க, வாம்மா" என்று மேற்பார்வையாளர் என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இதுவும் விதிதான். மதிப்பெண் போடும்போது ஆபீஸ் ஆட்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. டீக்கடையிலிருந்து பார்த்தால் தலைகள் மட்டும் தெரிந்தன. சத்தமாக ஒரு சண்டை நடந்தது, பிறகு சிரிப்பு, மறுபடி சண்டை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

திரும்பி வந்தபோது கட்டங்களில் கொட்டைகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடுக்காய்க்கு ஐந்து, ஐந்து, நான்கு, இரண்டு. புல்லுக்கு எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று. கல்லுக்கு மூன்று, ஆறு, ஒன்று, இரண்டு.

"இவங்களுக்கு ஊர்ல இருக்கறதுக்கு அஞ்சுதானா?" என்று கடுக்காயைக் காட்டிக் கேட்டேன்.

தலைவி பெருமூச்சு விட்டார். "அதுக்குத்தான் அவ்ளோ சண்ட. வருசத்துல நாலு மாசம் கேரளா எஸ்டேட்டுக்குப் போயிடறா. இங்க வேல இருந்தா ஏன் போவப்போறா? வேல இல்ல, போறா. ஊர்ல இல்லன்னு கொட்டைய கம்மி பண்ணா வேல வராது. வேல வரலன்னா மறுபடியும் போவா. இதுக்கு எத்தினி வெக்கறது, நீயே சொல்லு."

அட்டவணையில் அதற்கு இடமில்லை. ஐந்து என்று எழுதியதை ஐந்தாகவே விட்டேன்.

பஸ்சுக்கு நிற்கும் இடத்துக்குக் கடுக்காய் வந்தாள். கேட்கலாமா கூடாதா என்று தயங்கி நின்றவள், மேற்பார்வையாளர் தள்ளிப் போனதும் என்னிடம் வந்தாள்.

"எப்பங்க தெரியும்?"

"ஒரு வாரத்துல சொல்லிடுவோம்."

"வெள்ளிக்கெழம மேஸ்திரி வண்டி வருதுங்க, எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்த. அதுக்குள்ள தெரிஞ்சா போதும். வேல கெடச்சா நான் போவ மாட்டேன். பொண்ணு அஞ்சாவது படிக்குது. இட்டுக்கினு போனா படிப்பு போயிடும், உட்டுட்டுப் போவ வூட்ல ஆளு இல்ல."

"வெள்ளிக்கெழமைக்குள்ள கண்டிப்பா தெரிஞ்சிடும்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. வாக்குக் கொடுக்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் வாக்குக் கொடுப்பது எனக்கு அந்த வயதில் கைவந்த கலை.

திங்கட்கிழமை பெருக்கினேன். புல்லுக்கு எட்டு நாற்பது முந்நூற்றிருபது, நான்கு முப்பது நூற்றிருபது, இரண்டு இருபது நாற்பது, ஒரு பத்து பத்து. கூட்டினால் நானூற்றுத் தொண்ணூறு, நூறால் வகுத்தால் 4.9. கடுக்காய்க்கு இருநூறு, நூற்றைம்பது, எண்பது, இருபது. ஆக 4.5. கல்லுக்கு 3.4.

முதலில் புல் என்பது பரவாயில்லை. ஆனால் முதல் இடத்தில் இருப்பவளே ஐந்தைத் தொடவில்லை! மூன்று பேரும் தோல்வி. இப்படி நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. மறுபடி போட்டேன். கம்ப்யூட்டரில் போட்டேன். கம்ப்யூட்டரும் அதையே சொன்னது, கொஞ்சம் கறாராக.

மேற்பார்வையாளர் தாளை நெடுநேரம் பார்த்தார். "அந்தப் பொம்பளைங்களுக்குக் கை தாராளமே இல்லபோல. பத்துக்கு ரெண்டு, பத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்காங்க" என்றார். "என்னம்மா பண்றது? அஞ்சுக்குக் கீழன்னா எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"மூணு பேருமே நல்லவங்களாத்தான் சார் தெரிஞ்சாங்க."

"தெரிஞ்சா போதுமா?"

உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பயிற்சி முடித்த பெண் ஒருத்தி வேறொரு விண்ணப்பத்தில் இருந்தாள். அவளை மலைக்கு அனுப்பலாம் என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை மேற்பார்வையாளர் மளிகைக் கடைக்குப் போன் போட்டார். அந்த ஊரில் அந்த ஒரு போன்தான். நான் எதிர் மேஜையில் இருந்தேன். "யாரும் தேறலைங்க. ஆமாங்க, உங்க வூட்டுப் பொண்ணும்தான். வேற ஆளு அனுப்பறோம். மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. கணக்கு சரி, ஆனால் விடை எங்கேயோ இடித்தது. சோறு தின்றபடியே நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டேன். வெயிட்டேஜை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். நான்குக்கும் சமமாக இருபத்தைந்து போட்டால் கடுக்காய்க்கு 4, புல்லுக்கு 3.75. கடுக்காய் முன்னால் வந்தாள்! வெயிட்டேஜே போடாமல் கொட்டைகளை வெறுமனே கூட்டினால் கடுக்காய் பதினாறு, புல் பதினைந்து. பெருக்கினால் புல், பெருக்காவிட்டால் கடுக்காய். அப்படியானால் இந்த நாற்பதும் முப்பதும்தான் அவளைத் தள்ளுகிறதா? அதை முடிவு செய்தது யார், நானா? எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் எழுதி அனுப்பிய எண்கள்.

அப்புறம் இன்னொன்று உறுத்தியது. கடைசி வரிசை, துணிச்சல். இரண்டு, ஒன்று, இரண்டு. கடுக்காயைப் பற்றித் தலைவி சனிக்கிழமை ஒரு கதை சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்றதும், வலியில் துடித்தவளைத் தாங்கிப் பிடித்தபடி வாசலிலேயே உட்கார்ந்து, படுக்கை கிடைக்கும்வரை எழுந்திருக்கவில்லையாம். சொல்லும்போது எல்லாப் பெண்களுக்கும் பெருமை. அந்தப் பெண்ணுக்கா துணிச்சலில் பத்துக்கு இரண்டு?

வரிசை வரிசையாகப் பெரிய எண்ணை மட்டும் வட்டமிட்டேன். முதல் வரிசையில் எட்டு. இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் நான்கு. நான்காவதில் இரண்டு.

எட்டு, ஆறு, நான்கு, இரண்டு. நாற்பது, முப்பது, இருபது, பத்து. ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்கு.

அவர்கள் பத்துக்குப் போடவில்லை. ஊரில் இருப்பதற்கு எட்டுக்கு, படிப்புக்கு ஆறுக்கு, பிரசவத்துக்கு நான்குக்கு, பேச்சுக்கு இரண்டுக்கு. ஆக ஒருத்திக்கு இருபது கொட்டை. எது பெரிது எது சிறிது என்பதைக் கொட்டை வைக்கும்போதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நான் அதை மறுபடியும் பெருக்கியிருக்கிறேன். ஒரே எடை இரண்டு தடவை ஏறியிருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் முழுக் கொட்டை வாங்கியவள் இருந்தாலும் என் கணக்கில் அவளுக்கு ஆறுதான் வரும். யாரும் ஐந்தைத் தொடாததில் என்ன அதிசயம்?

அப்படியானால் வெறும் கூட்டல்தான் சரி. கடுக்காய் இருபதுக்குப் பதினாறு, அதாவது பத்துக்கு எட்டு. புல் ஏழரை. கல் ஆறு. மூன்று பேரும் தேர்ச்சி. முதலிடம் கடுக்காய்.

ஆனால் இது என் ஊகம்தானே? உண்மையிலேயே பத்துக்கு இரண்டுதான் போட்டிருந்தால்? எட்டு, ஆறு, நான்கு, இரண்டு என்று தற்செயலாக அமைந்திருந்தால்? ஒரு சமயம் நிச்சயம் என்று தோன்றியது, அடுத்த நிமிஷம் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது.

இங்கேதான் நான் சொல்லத் தயங்குகிற இடம் வருகிறது. போன் மேற்பார்வையாளரின் மேஜையில் இருந்தது. அவரும் இருந்தார். "சார், ஒரு சந்தேகம், கடைக்கு ஒரு போன் போடுங்க, முடிவ நிறுத்தி வெச்சிருக்கோம்னு சொல்லுங்க" என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு நிமிஷ வேலை. நான் சொல்லவில்லை. எனக்குத் தப்பு வராது என்று ஆபீஸ் முழுக்கப் பேர். பாதி தெரிந்த விஷயத்தோடு போய் நின்று விழிக்க எனக்கு இஷ்டமில்லை. வண்டி வெள்ளிக்கிழமைதானே, இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு அட்டவணை தயாரித்தேன், பழையதும் புதியதும் பக்கம் பக்கமாக. கோடு போட்டு, தலைப்பில் எழுத்தைத் தடிமனாக்கி. தப்பைக் கண்டுபிடித்தவள் என்று பேர் வரவேண்டும், தப்பு செய்தவள் என்று அல்ல. அதற்காகத்தான் அந்தக் கோடுகள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

சாயங்காலம் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எனக்கு ரெண்டுமே சரின்னுதான்மா தோணுது" என்றார் பாவமாக. "எதுக்கும் நேர்ல போயிக் கேட்டுட்டு வந்துடு. நாளைக்கே போ."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். தலைவி வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். ஊரில் இருப்பதற்கு எத்தனைக்கு வைத்தீர்கள் என்று நான் மூச்சு வாங்கக் கேட்டதும் அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"எட்டுதான் வெச்சோம். பின்ன? நீதான சொன்ன, இதுக்கு நாப்பது, இதுக்குப் பத்துன்னு. அப்பறம் எல்லாத்துக்கும் ஒரே மாரி பத்து வெய்யின்ற. அது இன்னா நியாயம்? நீ சின்னப் பொண்ணு, தெரியாம சொல்றன்னுட்டு நாங்களே பிரிச்சிக்கினோம். அஞ்சுக்கு ஒரு கொட்டை. ஆளுக்கு இருபது."

"முன்னாடியே பிரிச்சிட்டீங்களா?"

"தேன் எடுத்தாந்தா ஏறுனவனுக்கு இத்தினி, கவுறு புடிச்சவனுக்கு இத்தினின்னு மொதல்லயே பங்கு பேசிக்குவோம். அப்பறந்தான் ஊத்துவோம். ஊத்துனப்பறம் மறுபடி பங்கு போட்டா அடிதடிதான் ஆவும்."

ஊற்றிய பிறகு மறுபடி பங்கு போட்டது நான். என் நோட்டில் அதற்குப் பெயர் பெருக்கல்.

"அப்ப கடுக்காய்தான் மொதல்ல" என்றேன். "பதினாறு. அவங்களுக்குத்தான் வேல. எங்க அவங்க?"

தலைவி கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார்.

"நேத்து மத்தியானமே போயிட்டாளே. யாரும் தேறலன்னு கடைக்குப் போன் வந்துச்சே. வெள்ளிக்கெழம வண்டிக்கு முன்னாடியே ஒரு வண்டி பொறப்புட்டுச்சு. காத்துக்கினு இருந்து இன்னா ஆவப்போவுதுன்னு அதுல ஏறிட்டா. பொண்ணையும் இட்டுக்கினு போயிட்டா."

அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஏன் போனேன் என்று தெரியாது. கதவில் பூட்டு இல்லை, கயிறு கட்டியிருந்தது. நேற்று மத்தியானம் நான் தலைப்பு எழுத்தைத் தடிமனாக்கிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினோம். எந்த எஸ்டேட் என்று அவர் சொல்லவில்லை, முன்பணம் வாங்கியவளை அவர் ஏன் திருப்பி அனுப்பப் போகிறார்? இரண்டு வாரம் காத்திருந்தோம். அதற்கு மேல் விதியில் இடமில்லை. ஏழரை வாங்கிய புல்லுக்கு வேலை கிடைத்தது. அவளும் நன்றாகவே செய்தாள், அதையும் சொல்ல வேண்டும். உளுந்தூர்பேட்டைப் பெண் வரத் தேவையே இல்லாமல் போயிற்று.

மேற்பார்வையாளர் ஒருநாள் யதார்த்தமாகச் சொன்னார். "பாத்தியாம்மா, ஊர்ல இருக்கறதுக்கு நாப்பது ஏன் வெச்சாங்கன்னு இப்பப் புரியுதா? ஜெயிச்சும் ஆள் ஊர்ல இல்லையே." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் மேஜையைத் தூக்கிப் போடலாம்போல் வந்தது. அவள் ஊரில் இல்லாமல் போனதற்குக் காரணமே நம் கணக்குத்தானே? அதையே அவளுக்கு எதிராகக் கணக்கில் வைப்பதா? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யோசித்து யோசித்து எனக்கு அந்த அட்டவணையே பிடிக்காமல் போயிற்று. அப்புறமும் எத்தனையோ அட்டவணைகள் போட்டேன். ஒவ்வொன்றிலும் முதலில் கேட்டேன், எத்தனைக்கு எத்தனை என்று.

இரண்டு வருஷம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கடுக்காயைப் பார்த்தேன். மூட்டையோடு கச்சிராயபாளையம் பஸ்சுக்கு நின்றிருந்தாள். பக்கத்தில் மகள், அம்மாவின் தோள் உயரம் வளர்ந்திருந்தாள். அந்தப் பிள்ளையின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. என்னைக் கண்டதும் கடுக்காய் சிரித்தாள். கண்டும் காணாததுபோல் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பக்கத்தில் போனேன்.

பொண்ணு படிக்கிறாளா என்று கேட்டேன். இல்லைங்க, என்னோடதான் மிளகு பறிக்குது என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நின்ற இடத்திலேயே, பஸ்களின் இரைச்சலில், கொட்டைகள், பெருக்கல், பதினாறு, பதினைந்து, செவ்வாய்க்கிழமை போன், புதன்கிழமை. போன் போடச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கு நல்லது என்றுகூட இருந்தது.

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். பெருக்கல் அவளுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். எனக்கே அது மலை ஏறிக் கேட்ட பிறகுதான் புரிந்தது.

"அப்ப நான் பாஸுங்களா?"

"முதல் ஆளு நீங்கதான்."

"படிப்புக்கு எத்தினி போட்டாங்க?"

"ஆறுக்கு அஞ்சு."

"பிரசவத்துக்கு?"

"நாலுக்கு நாலு."

மகளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தது.

"ஊர்ல இருக்கறதுக்கு?"

"எட்டுக்கு அஞ்சு."

பஸ் வந்து நின்று கூட்டம் முண்டியடித்தது. மகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். படியில் ஒரு காலை வைத்த கடுக்காய் என் பக்கம் திரும்பினாள்.

"நான் இருந்திருப்பேங்க" என்றாள். "அந்தப் போன் வரலன்னா வெள்ளிக்கெழம வரைக்கும் இருந்திருப்பேன்."